கை கழுவச் சொன்னோம், குழாய் எங்கே?

அண்மையில் ஒரு தோட்டப் பாடசாலையில் காலைக் கூட்டத்தின்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் பிள்ளைகளுக்குக் கால் மணி நேரம் உரையாற்றினார். புழுத்தொற்று பற்றிய உரை. அவர் மூன்று விடயங்களையே சொன்னார். சாப்பிட முன்னரும் மலசலகூடம் போய் வந்த பின்னரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். வாரம் ஒருமுறை நகம் வெட்டுங்கள். வெளியில் இறங்கினால் செருப்புப் போடுங்கள். பிள்ளைகள் மூன்றையும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள்.

உரை நல்ல உரை. அதில் பிழையாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். அவர் சொன்ன மூன்றும் ஏன் சொல்லப்பட்டன, ஒவ்வொன்றும் எந்த வழியை அடைக்கிறது, அதை நடைமுறைப்படுத்த எது வேண்டும் என்பதைப் பிள்ளைகளை விட நாங்களே முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளை வீட்டுக்கு வந்து "அம்மா, சவர்க்காரம் எங்கே?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். பாடசாலையில் குழாய் இல்லை என்றால் அதைக் கேட்க வேண்டியதும் எங்கள் சங்கம்தான்.

முதலில் செருப்பைப் பார்ப்போம். செருப்பு தடுப்பது கொக்கிப்புழுவை. இந்தப் புழு வாய் வழியாக வருவதில்லை, கால் வழியாக வருகிறது. புழு உள்ள ஒருவர் திறந்த வெளியில் மலம் கழித்தால் அதிலுள்ள முட்டைகள் ஈரமான, நிழலான மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கின்றன. ஒரு வாரம், பத்து நாள் போனால் குஞ்சுப்புழு தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு சில வாரங்கள் வரை மண்ணில் காத்திருக்கும். வெறுங்கால் அதில் பட்டால் விரல் இடுக்கில் நுழைந்து இரத்தத்தில் கலந்து நெஞ்சுக்குப் போகும். அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடலில் போய்க் கொக்கி போட்டுக்கொள்ளும். இத்தனையும் நடக்கும்போது பிள்ளைக்குத் தெரிவது கால் விரல் இடுக்கில் இரண்டு நாள் அரிப்பு மட்டும்தான். சேற்றுப்புண் என்று எண்ணித் தேங்காயெண்ணெய் தடவி விட்டுவிடுகிறோம்.

குடலில் இருக்கும் புழு ஒவ்வொன்றும் இரத்தம் குடிக்கிறது. எங்கள் நாட்டில் பெரும்பாலும் காணப்படும் இனம் ஒரு நாளில் எடுப்பது மிகச் சிறிய அளவு. நூறு புழுக்கள் சேர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிலீட்டர். மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் 90 மில்லிலீட்டர். ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பை அளவு இரத்தம். இருபது கிலோ நிறையுள்ள ஒரு பிள்ளையின் உடம்பில் இருப்பதே ஏறத்தாழ ஒன்றரை லீட்டர் இரத்தம்தான். மாதாமாதம் அதில் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டே இருந்தால், காலையில் ரொட்டியும் சம்பலும், பகலில் சோறும் ஒரு கறியும் சாப்பிடும் பிள்ளையால் அதை ஈடுசெய்ய முடியுமா? சாப்பிட்ட உடனேயே சாயத்தண்ணி குடிக்கும் பழக்கம் வேறு எங்களுக்கு உண்டு. உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலைச் சாயம் குறைத்துவிடும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுவது நல்லது.

இப்படி இரத்தம் குறைந்த பிள்ளைதான் வகுப்பில் பின்வரிசையில் தூங்குகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. சில வேளை மண்ணையும் சாம்பலையும் தின்கிறது. ஆசிரியர் "மந்தம்" என்கிறார், வீட்டில் "சோம்பேறி" என்று அடி விழுகிறது. அடிப்பதற்கு முன் பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால், உள்ளங்கையும் நாக்கும் வெளுத்திருந்தால், அது சோம்பல் அல்ல. தோட்ட டிஸ்பென்சரிக்கோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ கூட்டிச் சென்று இரத்தமும் மலமும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். "மலத்தில் புழு ஒன்றும் விழவில்லையே" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. கொக்கிப்புழு சாதாரணமாகக் கண்ணில் படும்படி விழுவதில்லை. அதன் முட்டையை நுணுக்குக்காட்டியில்தான் பார்க்க முடியும்.

அடுத்தது கையும் நகமும். இவை தடுப்பது வேறு புழுக்களை. வட்டப்புழு மண்புழு போல நீளமாக இருக்கும். மலத்திலோ வாந்தியிலோ வந்தால் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். ஒரு பெண் வட்டப்புழு நாளொன்றுக்கு இரண்டு இலட்சம் முட்டை வரை இடும். முட்டை மண்ணில் இரண்டு, மூன்று வாரம் கிடந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும். அதன் பிறகு மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில்கூட அழியாமல் கிடக்கும். மண்ணில் விளையாடிய கை, கழுவாத மரக்கறி, கீழே விழுந்து எடுத்துத் தின்ற மாங்காய்த் துண்டு வழியாக வாய்க்குப் போகிறது. புழுக்கள் மிக அதிகமாகச் சேர்ந்தால் குடலையே அடைத்துவிடும். வயிறு உப்பி, கடுமையான வலியும் வாந்தியும் வந்து, மலமும் காற்றும் போகாமல் நின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்த முட்டையின் ஓடு கெட்டியானது, ஒட்டும் தன்மை உள்ளது. சவர்க்காரம் அதைக் கொல்வதில்லை. சவர்க்காரமும் தேய்ப்பும் தண்ணீரும் சேர்ந்து அதைக் கையிலிருந்து கழற்றி ஓடவைக்கின்றன. அதனால்தான் கையைத் தண்ணீரில் நனைத்து எடுப்பது கை கழுவுவதாகாது. கொரோனாக் காலத்தில் பூசிப் பழகிய கைத்திரவமும் இங்கே பயன்படாது. கிருமி செத்தாலும் முட்டை கையிலேயே இருக்கும். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, பெருவிரல், நக நுனி என்று இருபது விநாடி தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். ஒரே பேசினில் வீட்டார் எல்லோரும் கை விட்டால் முதலாமவர் கழற்றிய முட்டை அடுத்தவர் கையில் ஏறும்.

நகத்தை ஏன் தனியாகச் சொன்னார்கள்? நகம் வளர்ந்திருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் அடியிலுள்ள அழுக்கு போகாது. கீரிப்பூச்சியின் கதையோ முழுக்க நகத்தில்தான் நடக்கிறது. இரவில் பெண் பூச்சி வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். அரிப்பெடுத்துப் பிள்ளை தூக்கத்திலேயே சொறியும். முட்டை நகத்தடியில் போகும். சில மணி நேரத்தில் அது தொற்றும் நிலைக்கு வந்துவிடும். காலையில் அதே விரல் வாய்க்குப் போனால் சுற்று முடிந்தது. ஒரே பாயில் படுக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் அதே போர்வை வழியாகப் போகும். எனவே கீரிப்பூச்சிக்கு ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. வைத்தியர் சொல்லும்படி வீட்டார் அனைவரும் ஒரே நாளில் எடுத்து, இரண்டு வாரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் கழுவிவிட்டு, உள்ளாடை மாற்றி, போர்வையை வெந்நீரில் துவைக்க வேண்டும்.

இன்னொரு வேறுபாட்டையும் எங்கள் தோட்டங்களில் கவனிக்க வேண்டும். கொக்கிப்புழுக் குஞ்சு வளர வெப்பம் வேண்டும். குளிர் மிகுந்த நுவரெலியா உயரத்தில் அது அவ்வளவாகப் பெருகாது, அங்கே வட்டப்புழுவே பெரிய தொல்லை. கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் இறப்பர் மரநிழலில் வெப்பமும் ஈரமும் சேர்ந்திருக்கும் மண் கொக்கிப்புழுவுக்கு ஏற்றது. மேல்நாட்டில் கையில் கூடுதல் கவனம், கீழ்நாட்டில் காலிலும் அதே அளவு கவனம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் இரண்டும் வேண்டும்.

"அதுதான் பாடசாலையில் பூச்சிக் குளிசை கொடுக்கிறார்களே" என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கிறார்கள், பிள்ளைகள் கட்டாயம் எடுக்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்கும் முதல் மூன்று மாதம் கழிந்தபின் கிளினிக்கில் கொடுக்கிறார்கள், அதையும் ஒளித்து வைக்காமல் விழுங்க வேண்டும். ஆனால் குளிசை அன்றைக்குக் குடலில் உள்ள புழுவைத்தான் வெளியேற்றும். கொக்கிப்புழு முழுவதும் ஒரே குளிசையில் போய்விடும் என்பதுமில்லை. மண்ணில் காத்திருக்கும் புழுவைக் குளிசை ஒன்றும் செய்யாது. குளிசை விழுங்கிய பிள்ளை மறுநாளே வெறுங்காலோடு லயத்துப் பின்பக்கம் போனால் கணக்கு மறுபடி ஆரம்பமாகிறது.

இது புதிதாகக் கண்டறிந்த விடயம் அல்ல. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை மாத்தளைப் பகுதியில் தொடங்கியது. எங்கள் பாட்டன், பூட்டன்மார் வரிசையில் நின்று கசப்பான மருந்தெண்ணெய் குடித்தார்கள். புழு விழுந்தது, வேலை செய்யத் தெம்பு வந்தது. தோட்ட முதலாளிமாருக்கும் அந்தத் தெம்பே வேண்டியிருந்தது. ஆனால் மருந்து கொடுக்க இடம் கொடுத்த தோட்டங்கள் மலசலகூடம் கட்டச் செலவழிக்கத் தயங்கின. மண் மாறவில்லை. மருந்து குடித்தவர்களுக்கு மீண்டும் புழு ஏறியது. நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் மலசலகூடத்தைப் பற்றிப் பேசாமல் குளிசையைப் பற்றியும் செருப்பைப் பற்றியும் மட்டும் பேசினால் அதே பாதையில்தான் போகிறோம்.

இப்போது அந்த உரைக்குத் திரும்புவோம். 120 பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலை. இடைவேளை 20 நிமிடம். குழாய் ஒன்று. கை நனைத்து, சவர்க்காரம் போட்டு, இருபது விநாடி தேய்த்து, கழுவி முடிக்க ஒரு பிள்ளைக்கு 40 விநாடி ஆகும் என்று வைப்போம். இருபது நிமிடத்தில் 30 பிள்ளைகள்தான் கழுவ முடியும். மீதி 90 பிள்ளைகள் வரிசையில் நின்று பட்டினி கிடக்க வேண்டும், அல்லது கழுவாமல் சாப்பிட வேண்டும். பிள்ளைகள் எதைச் செய்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அது அவர்கள் குற்றமா?

நான்கு குழாய் இருந்தால் எல்லோரும் கழுவி முடிக்கலாம். ஆனால் சாப்பிட நேரம் இராது. அதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. பத்து அடி நீளமான பிளாஸ்ரிக் பைப் ஒன்றை எடுத்து, அடிக்கு ஒன்றாகச் சிறு துளை போட்டு, ஒரு முனையை அடைத்து, மறு முனையை மேடையில் வைத்த 200 லீட்டர் பீப்பாயுடன் ஒரு திருகுக் குழாய் வைத்து இணைக்க வேண்டும். பைப்பைச் சின்னப் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் கட்ட வேண்டும். பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கழுவலாம். 120 பேர் பன்னிரண்டு தடவையில் முடிந்துவிடும், பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். தேய்க்கும்போது குழாயை மூடிவிட்டால் ஒரு பிள்ளைக்கு அரை லீட்டர் தண்ணீர் காணும். ஒரு தடவைக்கு 60 லீட்டர், நாளுக்கு இரண்டு தடவை என்றாலும் 120 லீட்டர். பீப்பாய் ஒரு நாளைக்குத் தாங்கும். சவர்க்காரத்தை நான்காக வெட்டிப் பழைய வலைப்பையில் போட்டுப் பைப்பிலேயே கட்டித் தொங்கவிட்டால் சேற்றில் விழாது, தொலையவும் தொலையாது. கழுவிய தண்ணீர் தேங்காமல் கானுக்கு ஓட ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். பீப்பாயை மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் நுளம்பு பெருகும்.

இந்த வேலையில் வழக்கமாக வரும் தடங்கல் ஒன்று உண்டு. பாடசாலை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்குரியது. தண்ணீர் வரும் பீலியும் நிலமும் தோட்டத்துக்குரியவை. அதிபர் திணைக்களத்துக்கு எழுதுவார், அவர்கள் தோட்டத்தைக் கேட்கச் சொல்வார்கள். தோட்ட நிர்வாகம் "அது அரசாங்கப் பாடசாலை" என்று சொல்லும். கடிதங்கள் சுற்றிவர ஒரு வருடம் போய்விடும். இந்த இடத்தில்தான் எங்கள் தோட்டக் கமிட்டி நுழைய வேண்டும். அதிபர், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், தோட்ட முகாமையாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகிய நால்வரையும் ஒரே நாளில் குழாய் இல்லாத அந்த இடத்திலேயே நிறுத்தி, பைப்பும் பீப்பாயும் யார் பொறுப்பு, தண்ணீர் இணைப்பு யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்க வேண்டும். வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் உறுப்பினர்கள் போவார்கள்.

செருப்பிலும் இதே போன்ற ஒரு விடயம் இருக்கிறது. பாடசாலைப் பாதணிக்கு வவுச்சர் கிடைக்கும் பிள்ளைகளும் உண்டு. அந்தச் சப்பாத்துப் பாடசாலைக்கு மட்டும்தான். பழுதாகிவிடும் என்று வீட்டுக்கு வந்ததும் கழற்றி இஸ்தோப்பில் வைத்துவிடுகிறோம். பிறகு பிள்ளை வெறுங்காலோடு மரக்கறித் தோட்டத்துக்கும், விறகுக்கும், ஆற்றுக்கும், இருட்டில் கக்கூசுக்கும் போகிறது. சீமெந்துத் தரையில் சப்பாத்து, ஈர மண்ணில் வெறுங்கால். புழு இருப்பது ஈர மண்ணில்தான். பாடசாலைச் சப்பாத்தைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் வீட்டுக்கென்று ஒரு சோடி இறப்பர்ச் செருப்பு வாங்கிக் கதவடியில் வையுங்கள். விரல் தெரியும் செருப்பு முழுப் பாதுகாப்பு அல்ல. சேறு விரல் இடுக்கில் ஏறினால் வீட்டுக்குள் வரும்முன் காலைக் கழுவித் துடைக்க வேண்டும். மரக்கறித் தோட்டத்தில் கொத்தும்போது மூடிய சப்பாத்துத்தான் நல்லது.

வீட்டில் நாங்கள் மாற்ற வேண்டிய ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. கைப்பிள்ளையின் மலம் சுத்தமானது என்று நினைத்துக் கானிலும் வாழையடியிலும் கொட்டும் வழக்கம் பல லயங்களில் இருக்கிறது. தவழ்ந்து மண்ணை அள்ளி வாயில் வைக்கும் பிள்ளைக்கு வட்டப்புழு வரும். அந்தப் பிள்ளையின் மலத்திலும் பெரியவர் மலத்தில் உள்ளது போலவே முட்டை இருக்கும். அது மலசலகூடத்துக்குள்தான் போக வேண்டும். மலசலகூடக் குழி நிறைந்து வழிந்தால், அதை வைத்துக்கொண்டு நாள் கடத்தாமல் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். தலைவர் அதை எழுதிக் கொடுத்துத் திகதியோடு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பிள்ளைகளிடம் பேசிய உரையில் வராத ஒரு இடம் உண்டு. அது மலை. காலையில் பிரட்டுக்குப் போய் மலையேறும் பெண் மாலை வரை கொழுந்தெடுக்கிறாள். பல தோட்டங்களில் அவளுக்கு மலையில் மலசலகூடம் இல்லை, கை கழுவக் குழாயும் இல்லை. தேயிலை மரத்து மறைவுதான். பகல் சாப்பாட்டை உரம் பட்ட, மண் பட்ட கையோடு உண்கிறாள். வழுக்கும் சரிவில் பலர் வெறுங்காலோடு நிற்கிறார்கள். புழு மண்ணிலிருந்து வருகிறது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். மண்ணுக்கு அது எங்கிருந்து வந்தது? கழிக்க இடம் கொடுக்காத வேலைத்தளத்திலிருந்தும் வந்தது. இரத்தம் குறைந்த தாய் அதே நிலையில் கர்ப்பமும் தரிக்கிறாள், பெறும் பிள்ளையும் நிறை குறைந்து பிறக்கக்கூடும்.

எனவே எங்கள் கோரிக்கை பிள்ளைகளிடம் சொல்லப்பட்ட மூன்றையும் விடப் பெரிது அல்ல, அதே மூன்றுதான். பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளும் இடைவேளையில் கழுவி முடிக்கக்கூடிய தண்ணீர் வசதி வேண்டும். ஒவ்வொரு லயத்திலும் வழியாத மலசலகூடமும், மலையில் நடந்து எட்டக்கூடிய தூரத்தில் மலசலகூடமும் கை கழுவத் தண்ணீரும் வேண்டும். கொழுந்தெடுப்பவர்களுக்கு வழுக்காத பாதணி வேண்டும். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்துக்குப் பக்கத்தில் இவற்றையும் வைக்குமாறு தலைமையகத்தைக் கேட்கிறோம்.

அதுவரை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் வரும் மாதக் கூட்டத்துக்கு முன் மூன்று எண்ணிக்கையை எழுதி அனுப்ப வேண்டும். உங்கள் பாடசாலையில் எத்தனை பிள்ளைகள், எத்தனை குழாய்கள். உங்கள் லயங்களில் எத்தனை குடும்பம், பாவிக்கக்கூடிய எத்தனை மலசலகூடம். உங்கள் மலைகளில் எத்தனை இடத்தில் மலசலகூடம் உண்டு. ஒன்றும் இல்லை என்றால் "ஒன்றும் இல்லை" என்றே எழுதுங்கள். அந்தத் தாளோடுதான் பேச்சுக்குப் போவோம். நகவெட்டிக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து வெட்டிவிடுங்கள்.